சின்னத் திரையில் குறி தவறுகிறதா? பொத்தான் இடத்தையும் சென்சிட்டிவிட்டியையும் சரிசெய்யும் வழிமுறை

முதலில் ஓர் அடிக்கோலை எடுத்து உங்கள் போன் திரையை அளந்துவிடுங்கள். 16:9 விகிதம் கொண்ட 4.7 அங்குலத் திரை என்றால், படுக்கைவாட்டில் அதன் நீளம் சுமார் 104 மில்லிமீட்டர், உயரம் 58 மில்லிமீட்டர். 20:9 விகிதம் கொண்ட 6.7 அங்குலத் திரைக்கு அதே அளவுகள் சுமார் 155, 70. வலது கட்டைவிரல் நடமாடும் வலது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டால், பெரிய போனில் 77 மில்லிமீட்டர் அகலம் கிடைக்கிறது. சின்ன போனில் 52தான். அந்த 52க்குள்தான் சுடும் பொத்தான், ஸ்கோப், குதித்தல், குனிதல், படுத்தல், தோட்டா நிரப்புதல் எல்லாம் அடங்க வேண்டும். மிச்சம் இருக்கும் இடத்தில்தான் விரல் இழுபட்டுக் குறி நகர வேண்டும்.

அந்த மிச்ச இடத்தை நான் விரலின் பாதை என்று சொல்வேன். சின்ன போனில் குறி தவறுகிறது என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் சென்சிட்டிவிட்டி எண்ணைத்தான் கேட்கிறார்கள். பலருக்கும் பழுது அந்த எண்ணில் இல்லை, பாதை குறுகிப்போனதில்தான் இருக்கிறது. அதனால் கீழே எந்த அறிகுறியைப் பார்த்தாலும் பொத்தான் இடத்தை முதலில் சரிபாருங்கள். எண்ணை அதற்குப் பிறகு தொடலாம். எடுத்துக்காட்டுகளுக்கு PUBG Mobile அமைப்புகளின் பெயர்களைப் பயன்படுத்துகிறேன். மற்ற சுடும் விளையாட்டுகளில் பெயர் வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான்.

சுட அழுத்தினால் குதிக்கிறது, குனிய அழுத்தினால் படுத்துவிடுகிறது

பொத்தான் சிறிதாக இருப்பதும், இரண்டு பொத்தான்களுக்கு இடையே இடைவெளி போதாததும் இதற்குக் காரணம். பெரிய திரையில் 10 மில்லிமீட்டர் இருந்த பொத்தான் சின்னத் திரையில் அதே விகிதத்தில் சுருங்கி 7 மில்லிமீட்டருக்கு வந்துவிடுகிறது. நம் கட்டைவிரல் மட்டும் சுருங்குவதில்லை. அது திரையில் பதியும் பரப்பு சுமார் ஒரு சென்டிமீட்டர் அகலம் இருக்கும்.

எந்த இடத்தில் தவறுகிறது என்று ஊகிக்க வேண்டாம், கண்ணாலேயே பார்க்கலாம். ஆண்ட்ராய்டு போனில் `Build number` என்ற வரியை ஏழு முறை தட்டினால் `Developer options` திறக்கும். அதில் `Show taps` என்பதை இயக்கிவிட்டுப் பயிற்சிக் களத்தில் ஐந்து நிமிடம் விளையாடித் திரையைப் பதிவுசெய்யுங்கள். பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தால், ஒவ்வொரு தொடுதலும் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகள் பொத்தானின் நடுவில் விழாமல் எப்போதும் ஒரே பக்கமாக, பெரும்பாலும் கீழும் உள்பக்கமுமாக விலகி விழுவதைப் பார்ப்பீர்கள். விரலை மாற்றப் பழகாதீர்கள். பொத்தானை அந்தப் புள்ளிகள் குவிந்த இடத்துக்கு நகர்த்துங்கள். விரல் பதற்றத்தில் போகும் இடம்தான் அதற்குரிய இடம்.

நகர்த்த வேண்டிய திரை `Settings` பகுதியில் `Controls`, அதன் உள்ளே `Customize`. ஒவ்வொரு பொத்தானையும் தொட்டால் அதன் அளவையும் ஒளிபுகும் தன்மையையும் மாற்ற இரண்டு நழுவுகோல்கள் வரும். சுடும் பொத்தான் 12 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கட்டும். ஸ்கோப், குனிதல் இரண்டும் 9 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். அடுத்தடுத்த பொத்தான்களுக்கு நடுவே குறைந்தது 3 மில்லிமீட்டர் விடுங்கள். அடிக்கோலைத் திரைமேல் வைத்தே அளக்கலாம்.

இதற்கெல்லாம் இடம் எங்கே என்று கேட்பீர்கள். சண்டையின் நடுவில் தேவைப்படாதவற்றை விலக்கினால் இடம் வரும். படுத்தல், தோட்டா நிரப்புதல், பையைத் திறத்தல் போன்றவை அரை வினாடி தாமதமானாலும் பெரும்பாலும் உயிர் போகாது. அவற்றை மேல் விளிம்புக்குத் தள்ளிவிடுங்கள். இதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது: பொத்தானைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மங்கலாக்கிவிட்டு அது போய்விட்டதாக எண்ணிக்கொள்கிறார்கள். மங்கலானாலும் அந்த இடம் தொடுதலை வாங்கிக்கொண்டேதான் இருக்கும். இழுக்கத் தொடங்கிய விரல் அதன்மேல் பட்டால் குறி நகராது, பொத்தானின் வேலை நடந்துவிடும்.

சுடத் தொடங்கினால் குறி மேலே ஏறிக்கொண்டே போகிறது

அதிகம் கேட்கப்படுவதும் அதிகம் தவறாகச் சரிசெய்யப்படுவதும் இந்தக் கோளாறுதான். தானியங்கித் துப்பாக்கி ஒவ்வொரு தோட்டாவுக்கும் சற்று மேலே எகிறும். அதை ரீகாயில் என்கிறோம். சுட்டுக்கொண்டே விரலைக் கீழே இழுத்து அதைச் சமன்செய்ய வேண்டும். இதற்கென்று தனி எண் இருக்கிறது. PUBG Mobile விளையாட்டில் `Camera Sensitivity` என்பது சுடாமல் இருக்கும்போது விரலை இழுத்தால் பார்வை நகரும் வேகம். `ADS Sensitivity` என்பது சுட்டுக்கொண்டிருக்கும்போது இழுத்தால் நகரும் வேகம். ஸ்கோப்பின் வழியாகப் பார்ப்பதற்கான எண் என்று பலர் இரண்டாவதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். முதலாவதை மாற்றிவிட்டு ரீகாயில் அடங்கவில்லை என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் சரியான எண்ணைத் தொட்டாலும் சின்ன போனில் சிக்கல் தீராமல் போவதற்குக் காரணம் வேறு. என் அக்கா மகனுக்குச் சரிசெய்ததை அப்படியே சொல்கிறேன். அவனிடம் இருப்பது 4.7 அங்குலத் திரை. பெரிய போனில் விளையாடும் நண்பனின் எண்கள் அனைத்தையும் எழுதி வாங்கி அப்படியே போட்டிருந்தான். தொலைவில் நிற்பவரைச் சுட்டால் முதல் சில தோட்டாக்கள் படும், பிறகு எல்லாம் தலைக்கு மேலே போய்விடும். சிவப்புப் புள்ளி ஸ்கோப்புக்கான `ADS Sensitivity` 60 இருந்தது. அதைப் படிப்படியாக 90 வரை ஏற்றியிருந்தான். இப்போது முதல் தோட்டாக்களும் கீழே இறங்கி, குறி நடுங்கி, ஒன்றும் படவில்லை என்றான்.

பயிற்சிக் களத்தில் ஒரு வெற்றுச் சுவரின் முன் நிற்கச் சொன்னேன். எண்ணை மறுபடியும் 60க்குக் கொண்டுவந்தோம். M416 துப்பாக்கி, சிவப்புப் புள்ளி ஸ்கோப், வேறு இணைப்பு எதுவும் இல்லை, 30 தோட்டாக்கள். சுவரில் ஓர் இடத்தைக் குறிவைத்து, விரலைக் கீழே இழுத்தபடி ஒரே மூச்சில் காலிசெய்யச் சொன்னேன். பிறகு சுவரில் பதிந்த தடத்தைப் பார்த்தோம்.

இந்தத் தடம்தான் நோயைச் சொல்லும். முதல் தோட்டாவிலிருந்தே தடம் சீராக மேலே ஏறினால் எண் குறைவு. முதலிலிருந்தே கீழே இறங்கினால் எண் அதிகம். மேலும் கீழுமாக வெட்டி வெட்டிப் போனாலும் எண் அதிகம்தான், விரலின் சிறு நடுக்கமும் பெரிதாகிவிடுகிறது. தொடக்கத்தில் நன்றாகக் குவிந்து, பாதியில் திடீரென்று மேலே ஏறத் தொடங்கினால் எண்ணின்மேல் குற்றம் இல்லை. விரலுக்குக் கீழே பாதை தீர்ந்துவிட்டது.

அவனுடைய தடம் இந்தக் கடைசி வகை. பன்னிரண்டு, பதின்மூன்று தோட்டாக்கள் உள்ளங்கை அளவு இடத்தில் குவிந்திருந்தன. மீதி எல்லாம் நேர்கோடாக மேலே. சுடும் பொத்தானின் நடுப்புள்ளி திரையின் கீழ் விளிம்பிலிருந்து 14 மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருந்தது. விரல் பொத்தானிலேயே பதிந்து கீழே இழுபடுகிறது, 14 மில்லிமீட்டர் போனதும் விளிம்பில் முட்டுகிறது. அதற்குப் பிறகு இழுக்க இடம் இல்லை, துப்பாக்கியோ எகிறிக்கொண்டே இருக்கிறது. எண்ணை 90க்கு ஏற்றியபோது அதே 14 மில்லிமீட்டருக்குள் அதிகமாக இறங்கியது உண்மைதான். ஆனால் அந்த வேகத்தில் விரலால் நிதானமாக இழுக்க முடியவில்லை.

சுடும் பொத்தானை மேலே தூக்கி, நடுப்புள்ளி கீழ் விளிம்பிலிருந்து 27 மில்லிமீட்டரிலும், வலது விளிம்பிலிருந்து 20 மில்லிமீட்டரிலும் இருக்கும்படி வைத்தோம். அந்த இடத்தில் இருந்த குதிக்கும் பொத்தானை வலது கீழ் மூலைக்கு அனுப்பினோம். எண்ணைத் தொடவில்லை. மறுபடியும் 30 தோட்டாக்கள். இந்த முறை தடம் பாதியில் உடையவில்லை, முதலிலிருந்து கடைசிவரை ஒரே சாய்வில் மெல்ல ஏறியது. இப்போதுதான் எண்ணைத் தொடும் நேரம். 60லிருந்து 66, பிறகு 70. எழுபதில் தடம் ஒரு முட்டை வடிவத்துக்குள் அடங்கியது. நண்பனின் எண்ணும் இல்லை, அவன் பயந்து ஏற்றிய எண்ணும் இல்லை.

இதற்கு ஒரு விலை உண்டு. பொத்தான் மேலே ஏறும்போது காட்சியின் ஒரு பகுதியை விரல் மறைக்கும், கட்டைவிரலும் சற்று மடங்கி நிற்கும். முதல் இரண்டு நாள் தடுமாற்றமாகவே இருக்கும். 27 மில்லிமீட்டருக்கு மேல் தூக்கினால் அந்தத் திரையில் பலன் இல்லை. பாதை கூடுவதைவிடக் காட்சி மறைவது அதிகமாகிவிடுகிறது.

பாதை இன்னும் போதவில்லை என்றால் இடப்பக்கச் சுடும் பொத்தானைப் பயன்படுத்தலாம். அதை இடது மேல் மூலைக்குக் கொண்டுபோய், இடது ஆட்காட்டி விரலால் சுடுங்கள். அப்போது வலது கட்டைவிரலுக்குச் சுடும் வேலை இல்லை, வலது பாதியில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக் கீழே இழுக்கலாம். ஐந்து அங்குலத்துக்கும் குறைந்த திரைக்கு இதைவிடச் சிறந்த அமைப்பை நான் பார்த்ததில்லை. ஆட்காட்டி விரல் காட்சியின் மூலையை மறைப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

பின்னால் திரும்ப இரண்டு மூன்று முறை இழுக்க வேண்டியிருக்கிறது

முதுகுக்குப் பின்னால் காலடி கேட்டால் ஒரே இழுப்பில் திரும்பிவிட வேண்டும். சின்ன போனில் பாதை குறைவு என்பதால், பெரிய போனின் எண்ணை வைத்தால் பாதியில் நின்றுவிடும். இங்கே தேவைப்படுவது ஸ்கோப் இல்லாத நிலைக்கான `Camera Sensitivity`. அதை ஊகித்து ஏற்ற வேண்டாம், கணக்குப் போடலாம்.

திரையின் மேலே திசைகாட்டி ஓடிக்கொண்டிருக்கும். பார்வையை சரியாக N எழுத்துக்கு நேராக நிறுத்துங்கள். வலது கட்டைவிரல் வழக்கமாக ஓய்வெடுக்கும் இடத்திலிருந்து, கையை எட்டிப் போடாமல், இயல்பாகப் போகும் தூரம்வரை ஒரு முறை இழுங்கள். 4.7 அங்குலத் திரையில் அந்தத் தூரம் 30 மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். நின்ற பிறகு திசைகாட்டி காட்டும் பாகையைப் படியுங்கள். ஐந்து முறை செய்து நடுவான எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள்.

எண் 100 இருந்தபோது 130 பாகை திரும்பியது என்று வைத்துக்கொள்வோம். நமக்கு 180 வேண்டும். 100ஐ 180ஆல் பெருக்கி 130ஆல் வகுத்தால் 138 வருகிறது. 140 வைத்து மறுபடியும் சோதியுங்கள். திருப்பம் 180 பாகைக்கு மேல் போக வேண்டாம். ஒரே இழுப்பில் முழு வட்டம் சுற்றும் அளவுக்கு ஏற்றிவைத்தால், எதிரில் நிற்பவர்மேல் குறியைச் சற்று நகர்த்தும்போது அவரைத் தாண்டிப் போய்விடும்.

இந்தக் கணக்கு ஒரு நிலையில் பொய்த்துப்போகும். சில விளையாட்டுகளில் முடுக்கம் என்று ஓர் அமைப்பு உண்டு. விரல் வேகமாகப் போனால் பார்வை கூடுதலாகத் திரும்பும். அது இயங்குகிறதா என்று அறிய, ஒரே 30 மில்லிமீட்டரை ஒரு முறை மெதுவாகவும் ஒரு முறை விருட்டென்றும் இழுங்கள். பாகை வேறுபட்டால் முடுக்கம் இருக்கிறது. முடிந்தால் அதை அணைத்து நிலையான வேகத்துக்கு மாற்றுங்கள். ஆட்டத்துக்கு ஆட்டம் விரல் வேகம் மாறும், அதற்கேற்பத் திருப்பமும் மாறினால் கைப்பழக்கம் படியவே படியாது.

ஸ்கோப் எண்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உருப்பெருக்கம் கூடக் கூட எண் குறைய வேண்டும். சிவப்புப் புள்ளியை முதலில் முடித்துவிட்டு 3x, 6x என்று கீழே இறக்கிக்கொண்டே போங்கள். நீங்கள் பயன்படுத்தாத ஸ்கோப்பின் எண்ணை மாற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

ஓட்டம் தானாகப் பூட்டிக்கொள்கிறது

இடது கட்டைவிரல் நகர்வுச் சக்கரத்தை மேலே அதிகம் தள்ளினால் தானியங்கி ஓட்டம் பூட்டிக்கொள்ளும். சின்னத் திரையில் அந்தப் பூட்டுக்கும் சக்கரத்துக்கும் இடையே தூரம் குறைவு, அதனால் சண்டையில் தெரியாமல் பட்டுவிடுகிறது. சக்கரத்தைச் சற்றுக் கீழே இறக்குங்கள். ஓட்டம் தொடங்கும் தூரத்தை மாற்றும் வசதி இருந்தால் அதைக் கூட்டுங்கள். இரண்டு நிமிட வேலை.

மூன்றாவது விரல் பட்டதும் சுடுவது நின்றுவிடுகிறது

இடது ஆட்காட்டி விரலுக்கு மாறியவர்களுக்கு இது வரும். எல்லாம் சரியாக இருக்கும்போதே, குனியவோ குதிக்கவோ தொட்ட கணத்தில் சுடுவது அறுந்துபோகும். விளையாட்டின் அமைப்பில் தேடினால் கிடைக்காது. பல ஆண்ட்ராய்டு போன்களில் மூன்று விரல்களால் கீழே இழுத்தால் திரைப் படம் எடுக்கும் வசதி இயங்கிக்கொண்டிருக்கும். மூன்று விரல்கள் ஒன்றாகப் பட்டதும் போன் அந்தத் தொடுதல்களைத் தனக்கென்று எடுத்துக்கொள்கிறது. போன் அமைப்பில் அதை அணைத்தால் தீர்ந்துவிடும்.

அதை அணைத்தும் தீரவில்லை என்றால் `Developer options` பகுதியில் உள்ள `Pointer location` அமைப்பை இயக்குங்கள். திரையின் மேலே P என்ற எழுத்துக்குப் பக்கத்தில் எத்தனை விரல்கள் இப்போது பட்டிருக்கின்றன என்று எண் வரும். மூன்று விரல்களை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நகர்த்துங்கள். எல்லா விரல்களும் பட்டிருக்கும்போதே எண் குறைந்து மீண்டும் ஏறினால் திரைதான் தொடுதலை இழக்கிறது. ஓரம் தூக்கிய கவர், சரியாக ஒட்டாத டெம்பர்டு கிளாஸ், வியர்வை மூன்றையும் நீக்கிவிட்டுச் சோதியுங்கள். சார்ஜரைக் கழற்றியும் ஒரு முறை பாருங்கள். சில சார்ஜர்களின் மின் இரைச்சல் தொடுதலைக் குழப்பும். எல்லாம் நீக்கியும் எண் விழுந்தால் பழுது வன்பொருளில்தான். பொத்தானை எங்கே வைத்தாலும் சரியாகாது.

விளிம்பில் மட்டும் தொடுதல் வேலைசெய்யவில்லை என்றால் பொத்தான்களை விளிம்பிலிருந்து 3, 4 மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். உள்ளங்கை தவறாகப் படுவதைத் தவிர்க்கச் சில போன்கள் விளிம்புத் தொடுதல்களைப் புறக்கணிக்கின்றன.

முதல் ஆட்டம் நன்றாக இருக்கிறது, மூன்றாவது ஆட்டத்தில் குறி கனக்கிறது

எண்களைத் தொடாதீர்கள். சின்ன போனுக்குள் வெப்பம் பரவ இடம் குறைவு. சூடேறியதும் செயலி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது, ஒரு வினாடிக்கு வரும் காட்சிகள் குறைகின்றன, விரல் இழுத்ததற்கும் குறி நகர்வதற்கும் நடுவே தாமதம் நுழைகிறது. கை அதைச் சென்சிட்டிவிட்டி குறைந்ததாக உணர்கிறது. அந்தச் சூட்டில் எண்ணை ஏற்றி வைத்தால், மறுநாள் போன் ஆறியிருக்கும்போது குறி பறந்துகொண்டே போகும்.

சோதிப்பது எளிது. போனைக் கவரிலிருந்து கழற்றி இருபது நிமிடம் அணைத்து வையுங்கள். அதே எண்ணோடு சுவர்ச் சோதனையைச் செய்யுங்கள். தடம் பழையபடி குவிந்தால் வெப்பம்தான் காரணம். காட்சித் தரத்தை ஒரு படி இறக்குங்கள். காட்சி வேகத்தையும், முதல் ஆட்டத்திலிருந்து கடைசி ஆட்டம்வரை போன் தாங்கும் அளவுக்குக் குறைத்து நிறுத்துங்கள். முதலில் 60 காட்சிகளும் பிறகு 35ம் வருவதைவிட, எப்போதும் 40 வருவது கைக்கு நல்லது.

எல்லாம் சரியான பிறகு

ஒரு நேரத்தில் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். மாற்றம் ஐந்து அல்லது ஆறு அளவுக்கு இருக்கட்டும். மாற்றியதும் சுவர்ச் சோதனையை மூன்று முறை செய்து, பிறகு இரண்டு நாள் விளையாடிப் பாருங்கள். என் அக்கா மகனின் தாளில் மூன்றே வரிகள்தான் இருக்கின்றன: சுடும் பொத்தான் கீழிருந்து 27, வலதிலிருந்து 20, சிவப்புப் புள்ளி ADS 70, ஸ்கோப் இல்லாமல் கேமரா 140. அமைப்புத் திரைகளைப் படம் எடுத்தும் வைத்திருக்கிறான். போன மாதம் விளையாட்டை அழித்துவிட்டு மறுபடியும் நிறுவியபோது பொத்தான்கள் எல்லாம் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன. தாளையும் அடிக்கோலையும் வைத்துப் பத்து நிமிடத்தில் எல்லாவற்றையும் மீட்டுவிட்டான்.